தனித்தனிக் குழாய், அறைக்கொரு வால்வு

மாடிக் குளியலறையில் ஃப்ளஷ் தொட்டியின் மிதவை கெட்டு நீர் வழிந்துகொண்டே இருக்கிறது. சுவரோரம் இருக்கும் ஆங்கிள் காக்கைத் திருகினால் நின்றுவிட வேண்டும். ஆனால் அது பல வருட உப்பில் இறுகிப்போய் அசைய மறுக்கிறது. பலம் காட்டினால் உடைந்து கையோடு வந்துவிடுமோ என்ற பயம் வேறு. கடைசியில் மெயின் வால்வை மூடுகிறோம். சமையலறையில் பாத்திரம் பாதியில் நிற்கிறது, கீழே குளித்துக்கொண்டிருப்பவர் சோப்பு நுரையோடு குரல் கொடுக்கிறார். பழுது ஒரு தொட்டியில்தான். தண்டனை மட்டும் வீட்டுக்கே.

இதற்குக் காரணம் குழாய் போகும் விதம். வழக்கமான அமைப்பில் ஒரு பெரிய குழாய் வீட்டுக்குள் நுழைந்து, போகிற வழியெல்லாம் டீ போட்டுக் கிளை பிரிந்துகொண்டே போகும். கிளை பிரிகிற இடங்கள் சுவருக்குள்ளும் தரைக்குள்ளும் மறைந்திருப்பதால் அங்கே வால்வு வைக்க வழியில்லை. வட அமெரிக்காவில் கட்டப்படும் மரச்சட்ட வீடுகளில் இதற்கு மாற்றாக ஓர் அமைப்பு இருக்கிறது. அங்கே அதை ‘ஹோம் ரன்’ என்பார்கள். வீட்டுக்கு வரும் நீர் முதலில் மேனிஃபோல்டு என்ற பல வாய்கள் கொண்ட தடித்த குழாய்த்துண்டுக்குள் வருகிறது. அங்கிருந்து ஒவ்வொரு குழாய்முனைக்கும், அதாவது வாஷ்பேசினுக்கு ஒன்று, ஷவருக்கு ஒன்று, சிங்க்குக்கு ஒன்று என, தனித்தனிக் குழாய் நடுவில் ஒட்டோ இணைப்போ இல்லாமல் நேராக ஓடுகிறது.

இரும்பிலோ செம்பிலோ சிபிவிசியிலோ இப்படிச் செய்வது முடியாத காரியம் அல்ல. ஆனால் ஒவ்வொரு வளைவிலும் ஓர் எல்போ வேண்டும், சில மீட்டருக்கு ஒரு கப்ளிங் வேண்டும். பதினாறு குழாய்களுக்கு அப்படிச் செய்தால் இணைப்புகளே நூறைத் தொடும். பெக்ஸ் குழாய் வந்த பிறகுதான் இது நடைமுறைக்கு வந்தது. பெக்ஸ் என்பது குறுக்குப் பிணைப்புள்ள பாலிஎத்திலீன். சாதாரண பாலிஎத்திலீனில் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு மட்டும் கிடக்கும். சூடு ஏறினால் வழுக்கி நகர்ந்துவிடும், குழாய் தளர்ந்துபோகும். பெக்ஸில் அந்தச் சங்கிலிகளுக்கு இடையே வேதிப் பாலங்கள் போடப்பட்டிருப்பதால் வெந்நீரில் அது தளர்வதில்லை. பெராக்சைடு கொண்டு இதைச் செய்யும் முறையை 1960களின் இறுதியில் ஜெர்மனியைச் சேர்ந்த தாமஸ் எங்கெல் உருவாக்கினார். அமெரிக்கச் சந்தையில் விற்கும் பெக்ஸ் குழாய் 23 டிகிரி செல்சியஸில் 160 பிஎஸ்ஐ அழுத்தத்தையும், 82 டிகிரியில் 100 பிஎஸ்ஐ அழுத்தத்தையும் தாங்கும் என்று குழாய் மேலேயே அச்சிட்டிருக்கும். சுருளாக வரும், கையால் வளையும். அதனால் மேனிஃபோல்டிலிருந்து மாடி பேசின் வரை ஒரே துண்டாக இழுத்துவிடலாம்.

ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால் விஷயம் பிடிபடும். கனடாவின் டொரன்டோ புறநகரில் இருக்கும் மாதிரி, பேஸ்மென்ட்டும் இரண்டு தளங்களும் கொண்ட வீடு. பேஸ்மென்ட்டில் வாட்டர் ஹீட்டர். அதன் பக்கத்துச் சுவரில் மேனிஃபோல்டு. மாடியில் ஒரு குளியலறை, தரைத்தளத்தில் ஒன்று, சமையலறை, துணி துவைக்கும் இடம். குளியலறை ஒவ்வொன்றிலும் பேசினுக்கு வெந்நீரும் தண்ணீரும், ஷவருக்கு இரண்டும், டாய்லெட்டுக்குத் தண்ணீர் மட்டும். ஆக ஐந்து குழாய். சமையலறையில் சிங்க்குக்கு இரண்டு, டிஷ்வாஷருக்கு வெந்நீர், ஐஸ் போடும் ஃப்ரிட்ஜுக்குத் தண்ணீர் என நான்கு. வாஷிங் மெஷினுக்கு இரண்டு. மொத்தம் பதினாறு: தண்ணீருக்கு ஒன்பது, வெந்நீருக்கு ஏழு. மாடிக் குளியலறைக்கு 12 மீட்டர், கீழ்க் குளியலறைக்கு 8, சமையலறைக்கு 6, வாஷிங் மெஷினுக்கு 3 மீட்டர் என்று வைத்தால் 130 மீட்டர் குழாய் வேண்டும். கிளை பிரிக்கும் பழைய முறையில் இதே வீட்டுக்குப் பாதிக்கும் குறைவாகவே போதும். ஹோம் ரன் அதிகமாகக் கேட்பது இதைத்தான்: குழாய். பெக்ஸ் மலிவு என்பதாலும் இழுக்கும் வேலை விரைவில் முடிவதாலும் அந்தக் கூடுதல் செலவு பெரும்பாலும் தாங்கக்கூடியதாகவே இருக்கும்.

இப்போது வால்வுக்கு வருவோம். இதில்தான் வீட்டுக்காரர் முன்கூட்டியே யோசிக்க வேண்டியது அதிகம். ஹோம் ரன் மேனிஃபோல்டுகளில் பெரும்பாலும் ஒவ்வொரு வாய்க்கும் சின்ன வால்வு ஒன்று சேர்ந்தே வரும். பதினாறு குழாய்க்குப் பதினாறு வால்வு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஷவர் மிக்ஸரை மாற்ற வந்த பிளம்பர் அந்தப் பதினாறில் எந்த இரண்டை மூட வேண்டும் என்று தேட வேண்டும். மாடிக் குளியலறையையே உடைத்துக் கட்டுவதானால் ஐந்தை மூட வேண்டும், அதில் ஒன்றை மறந்தால் கதை கந்தல். இன்னொரு பக்கம், மேனிஃபோல்டிலிருந்து ஒவ்வோர் அறைக்கும் ஒரு ஜோடி முக்கால் இஞ்சுக் குழாய் மட்டும் கொண்டுபோய், அறைக்குள் சுவரில் ஒரு சின்ன மேனிஃபோல்டு வைத்துப் பிரிப்பவர்கள் உண்டு. குழாய் மிச்சமாகும். ஆனால் இணைப்புகள் மறுபடி சுவருக்குள் போய்விடும். திறந்து பார்க்க ஒரு கதவு வைக்காவிட்டால் பழைய தொல்லைதான்.

என் கணிப்பில் இரண்டுக்கும் நடுவிலுள்ள வழி நல்லது. ஒரு இஞ்ச் தலைக்குழாயிலிருந்து அறைக்கு ஒரு முக்கால் இஞ்ச் பால் வால்வு, அந்த வால்வுக்குப் பின்னால் அந்த அறைக்கான வாய்கள். மாடிக் குளியலறைக்குத் தண்ணீர்ப் பக்கம் ஒரு பால் வால்வும் மூன்று வாய்களும், வெந்நீர்ப் பக்கம் ஒரு பால் வால்வும் இரண்டு வாய்களும். இதெல்லாம் பேஸ்மென்ட்டின் ஒரே சுவரில், நின்ற நிலையில் கைக்கு எட்டும் உயரத்தில். குழாய்கள் அதே பதினாறுதான், நடுவில் ஒட்டில்லாமல் ஓடுகின்றன. கூடுதலாக எட்டு பால் வால்வுகள்: இரண்டு குளியலறை, சமையலறை, வாஷிங் மெஷின், ஒவ்வொன்றுக்கும் இரண்டு. மாடிக் குளியலறையில் எது கெட்டாலும் இரண்டு கைப்பிடிகளைக் கால் சுற்றுத் திருப்பினால் போதும். சமையலறையில் பாத்திரம் கழுவுகிறவருக்கு எதுவும் தெரியப்போவதில்லை.

தண்ணீர் வரிசை கீழே, வெந்நீர் வரிசை மேலே, ஓர் அறையின் இரண்டு கைப்பிடிகளும் ஒன்றுக்கு நேர் மேலே மற்றொன்று வரும்படி அமைத்துவிடுவது நல்லது. இது வெறும் அழகுக்காகச் சொல்வதல்ல. ஓர் அறைக்கு இரண்டையும் சேர்த்துத்தான் மூட வேண்டும். வெந்நீரை மட்டும் மூடிவிட்டு வேலையைத் தொடங்கினால் என்ன ஆகும் என்று பாருங்கள். கையில் பிடிக்கும் ஷவரின் பிடியிலேயே நிறுத்தும் பொத்தான் இருக்கும். பலர் சுவரிலிருக்கும் மிக்ஸரைத் திறந்தபடியே விட்டு, பொத்தானை மட்டும் அழுத்தி நிறுத்திவிடுவார்கள். அப்போது மிக்ஸருக்குள் வெந்நீர்க் குழாயும் தண்ணீர்க் குழாயும் ஒன்றாகித் திறந்தே கிடக்கின்றன. மேனிஃபோல்டில் வெந்நீர் வால்வை மூடியதும் அந்தப் பக்கம் அழுத்தம் போய்விடுகிறது. தண்ணீர் மிக்ஸர் வழியாகக் குறுக்கே பாய்ந்து வெந்நீர்க் குழாயில் ஏறி, பின்னோக்கி மேனிஃபோல்டுக்கு வந்து, அங்கிருந்து பேசினின் வெந்நீர்க் குழாய்க்குப் போகிறது. பிளம்பர் பேசின் குழாயைக் கழற்றியதும் முகத்தில் அடிக்கிறது. “வால்வு பிடிக்கலை சார், மாத்தணும்” என்பார். வால்வு நன்றாகத்தான் இருக்கும். கண்டுபிடிப்பது எளிது. வெந்நீர் வால்வை மூடியபின் பேசினின் வெந்நீர்ப் பக்கத்தைத் திறந்துவிட்டுப் பாருங்கள். வருகிற நீர் சூடாகாமல் பச்சைத் தண்ணீராகவே வந்துகொண்டிருந்தால் குறுக்கே பாய்கிறது. தண்ணீர் வால்வையும் மூடியதும் நின்றுவிடும்.

வெந்நீர் என்றதும் ஹோம் ரன்னை விற்பவர்கள் சொல்லும் முதல் வசனம், “சீக்கிரம் சூடு வரும்” என்பது. இது பாதி உண்மை. அரை இஞ்ச் பெக்ஸில் மீட்டருக்குச் சுமார் 0.115 லிட்டர் நிற்கும். மாடி பேசினுக்கு 12 மீட்டர் என்றால் 1.4 லிட்டர் ஆறிய நீர் வெளியேற வேண்டும். நிமிடத்துக்கு 4.5 லிட்டர் விடும் குழாயில் அதற்கு இருபது நொடிக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும். குழாயின் சுவரும் கொஞ்சம் சூட்டை உறிஞ்சுவதால் நடைமுறையில் இன்னும் சில நொடி கூடும். கிளை பிரிக்கும் முறையில் பத்து மீட்டர் முக்கால் இஞ்ச், பிறகு மூன்று மீட்டர் அரை இஞ்ச் என்றால் நிற்பது இரண்டரை லிட்டருக்கு மேல், காத்திருப்பு முப்பத்தைந்து நொடி. பேசினுக்கு மட்டும் அரை இஞ்சுக்குப் பதிலாக எட்டில் மூன்று இஞ்சுக் குழாய் போட்டால் நிற்கும் நீர் முக்கால் லிட்டர்தான், பத்து நொடியில் சூடு வந்துவிடும். உள்ளூர் விதி அனுமதித்தால் பேசினுக்கு அந்த அளவு போதும். ஷவருக்கும் பாத்டப்புக்கும் போதாது.

மீதிப் பாதி இது. பேசினில் முகம் கழுவிய ஐந்து நிமிடம் கழித்து அதே அறையில் ஷவரைத் திறக்கிறீர்கள். பழைய முறையில் பெரிய குழாய் ஏற்கெனவே சூடாகிவிட்டது, கடைசிக் கிளையில் நிற்கும் கால் லிட்டர் சொச்சம் வெளியேறினால் போதும். ஹோம் ரன்னில் ஷவருக்குத் தனிக் குழாய், அது தொடப்படாமல் ஆறிக் கிடக்கிறது. மறுபடி 1.4 லிட்டர். காலையில் ஓர் அறையை அடுத்தடுத்துப் பயன்படுத்தும் குடும்பத்தில் இந்த ஆதாயம் கரைந்துவிடும். தனித்தனிக் குழாய் என்பதன் இன்னொரு பக்கமும் உண்டு. விருந்தினர் அறையில் மாதக்கணக்கில் திறக்காத பேசினுக்குப் போகும் குழாயில் அதே நீர் அப்படியே தேங்கி நிற்கும். ஆள் வருவதற்கு முன் ஓரிரு நிமிடம் திறந்துவிட்டுக் கழிக்க வேண்டும்.

இழுக்கும் வேலையில் தவறுகள் எங்கே நடக்கின்றன? முதலில் வளைவில். அரை இஞ்ச் பெக்ஸின் வெளிவிட்டம் உண்மையில் ஐந்தெட்டு இஞ்ச். அதைப்போல எட்டு மடங்கு, அதாவது ஐந்து இஞ்ச் ஆரத்துக்குக் குறைவாக வளைக்கக் கூடாது என்பது பொது விதி. அதற்கு மேல் மடக்கினால் குழாயில் மடிப்பு விழும். பெக்ஸ்-ஏ என்ற வகையில் அந்த மடிப்பைச் சூடான காற்றால் நிமிர்த்திவிடலாம். மற்ற வகைகளில் அந்தத் துண்டை வெட்டி எறிவதே வழி. சூட்டில் பெக்ஸ் நிறையவே நீளும். பத்து மீட்டர் வெந்நீர்க் குழாய் 40 டிகிரி கூடினால் ஆறு சென்டிமீட்டருக்கு மேல் நீளும். அதனால் வீணைத் தந்திபோல் இறுக்கி இழுக்காமல் சற்றுத் தளர்வாக விட வேண்டும். மரச்சட்டத்தின் ஓரத்துக்கு அருகே துளை போட்டு நுழைத்தால் அதன் முன் ஓர் இரும்புத் தகடு அடிக்க வேண்டும். நாளை படம் மாட்ட அடிக்கும் ஆணி நேராகக் குழாயில் இறங்காமல் அது தடுக்கும். வாட்டர் ஹீட்டரை ஒட்டிய முதல் 18 இஞ்ச் உலோகக் குழாயாகவே இருக்கட்டும்.

அடுத்தது முனை. செம்பு வளையம் போட்டு இறுக்கும் முறையில், குழாயை நேர்ச்செங்குத்தாக வெட்டி, வளையத்தை முதலில் நுழைத்து, பித்தளை இணைப்பின் முள்வரிகள் மேல் குழாயைத் தள்ளி, வளையம் வெட்டுமுனையிலிருந்து எட்டில் ஒன்று முதல் கால் இஞ்ச் தள்ளி இருக்குமாறு வைத்துக் கருவியால் நசுக்குவார்கள். நசுக்கிய வளையத்தை ஒரு தகட்டு அளவியால் சோதிக்க வேண்டும். அதில் இரண்டு வெட்டு இருக்கும்: ஒன்றில் வளையம் நுழைய வேண்டும், மற்றதில் நுழையக் கூடாது. இந்தச் சோதனையைச் சோம்பலில் விடுவது ஆபத்து. நசுக்கவே மறந்த வளையம்கூட முள்வரியின் பிடியில் கொஞ்ச நாள் தாங்கிவிடும். சுவர் மூடிப் பெயின்ட் அடித்த பிறகு ஒருநாள் கழன்றுகொள்ளும். ஹோம் ரன்னில் முனைகளில் பாதி மேனிஃபோல்டில், கண்ணெதிரே இருக்கின்றன. மறுபாதியில் ஷவர் மிக்ஸர் போன்றவை சுவருக்குள் போவதால், சுவர் மூடும் முன் ஒவ்வொன்றையும் அளவியால் தொட்டுப் பார்ப்பது நல்லது.

பிறகு அழுத்தச் சோதனை. எல்லா முனைகளையும் அடைத்து நீரை ஏற்றி அழுத்தமானியைப் பார்த்தால் முள் முதலில் சற்று இறங்கும். உடனே கசிவு என்று பதற வேண்டாம். அழுத்தத்தில் பெக்ஸ் சிறிது விரிகிறது. மறுபடி ஏற்றி, முள் நிலைத்து நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டாம் முறையும் இறங்கிக்கொண்டே இருந்தால்தான் கசிவு. அப்போதும் இந்த அமைப்பு உதவுகிறது. அறை வால்வுகளை மூடிவிட்டு ஒவ்வொன்றாகத் திறந்தால் எந்த அறையைத் திறக்கும்போது முள் இறங்குகிறதோ அங்கேதான் கோளாறு.

இதை நம்மூர் வீட்டுக்குக் கொண்டுவரலாமா? கொண்டுவரலாம், அப்படியே அல்ல. வட அமெரிக்க வீட்டுக்குள் நகராட்சி நீர் 50 பிஎஸ்ஐ அளவில் வருகிறது என்றால் அது 35 மீட்டர் உயரத்துத் தொட்டிக்குச் சமம். நம் மொட்டை மாடித் தொட்டி மேல் தள ஷவருக்கு மூன்று மீட்டர் மேலே இருந்தாலே பெரிது. நிமிடத்துக்கு ஏழரை லிட்டர் போகும்போது 12 மீட்டர் அரை இஞ்ச் பெக்ஸ் உராய்விலேயே 1.6 மீட்டர் உயரத்தைத் தின்றுவிடும். பெக்ஸின் சுவர் தடிமன் என்பதால் அரை இஞ்ச் என்று பெயர் இருந்தாலும் உள்வழி 12 மில்லிமீட்டர்தான். முள்வரி இணைப்புக்குள் அதுவும் குறுகும். 35 மீட்டரில் 1.6 போனால் யாருக்கும் தெரியாது. மூன்றில் போனால் ஷவர் சொட்டும். அதே தூரத்துக்கு முக்கால் இஞ்ச் போட்டால் இழப்பு 30 சென்டிமீட்டர் அளவில் நின்றுவிடும்.

ஆகவே பிரஷர் பம்ப் இல்லாத வீட்டில் முனைக்கொரு அரை இஞ்ச் என்ற ஹோம் ரன் சரிவராது. அறைக்கொரு முக்கால் இஞ்ச், அறை வாசலில் திறந்து பார்க்கும் கதவுக்குள் ஒரு பால் வால்வும் சின்ன மேனிஃபோல்டும் என்பதுதான் பொருந்தும். பெரும்பாலும் நம் குளியலறை ஒவ்வொன்றிலும் கீசர் இருப்பதால் வெந்நீர்க் குழாயைத் தூரத்திலிருந்து இழுக்கும் வேலையும் இல்லை, குழாய் எண்ணிக்கை பாதியாகிவிடும். பிரஷர் பம்ப் இரண்டு பார் கொடுக்கிற வீட்டில் முழு ஹோம் ரன்னும் செல்லும். எங்கேயானாலும் எலி நடமாடும் ஃபால்ஸ் சீலிங்கிலும் ஷாஃப்டிலும் பெக்ஸைத் திறந்து விடக் கூடாது. எலி அதைக் கடித்துவிடும்.

பார்க்கப்போனால், மேனிஃபோல்டு நமக்குப் புதிதல்ல. பல வீடுகளில் தொட்டிக்கு அடியில் ஒரு தலைக்குழாய், அதிலிருந்து குளியலறைக்கொன்று, சமையலறைக்கொன்று என்று இறங்கும் குழாய்கள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கேட் வால்வு என்று ஏற்கெனவே இருக்கிறது. எது எந்த அறைக்கு என்று கட்டிய பிளம்பருக்கு மட்டுமே தெரியும் என்பதுதான் குறை. ஒரு நாள் மாடியில் ஒருவரும் கீழே ஒருவருமாக நின்று ஒவ்வொன்றாக மூடிப் பார்த்து, வால்வில் அறையின் பெயரை அழியாத மையில் எழுதிவிடலாம். சுற்ற மறுக்கும் கேட் வால்வு இருந்தால் அப்போதே பால் வால்வாக மாற்றிவிடலாம். பால் வால்வை வருடத்துக்கு இரண்டு முறையாவது முழுக்க மூடித் திறந்தால் உப்பு பிடிக்காது. பாதி மூடி வைத்து நீரின் வேகத்தைக் குறைக்கும் வேலைக்கு மட்டும் அதைப் பயன்படுத்தக் கூடாது, இருக்கை அரித்து, மூடினாலும் கசியத் தொடங்கும். அந்தத் தலைக்குழாயைப் பெக்ஸில் போடவும் கூடாது. வெயிலின் புற ஊதாக் கதிர் பெக்ஸைச் சில மாதங்களில் நொறுங்கச் செய்துவிடும். தொட்டியிலிருந்து கட்டடத்துக்குள் நுழையும் வரை வெயில் தாங்கும் வேறு குழாய், உள்ளே நுழைந்த பிறகே பெக்ஸ்.